யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்?

“பதினெட்டு ஆண்டு அனுபவம் கொண்ட எரிசக்தி ஆலோசகர். பல முன்னணி நூற்பாலைகளுக்கு மின் செலவைக் குறைக்கும் சிறந்த தீர்வுகளை வழங்கி வருகிறேன். தரம், நேர்மை, வாடிக்கையாளர் திருப்தி ஆகியவையே என் தாரக மந்திரம்.”

லிங்க்ட்இன் தளத்தில் தனியாகத் தொழில் செய்யும் ஆலோசகர்கள் தங்களைப் பற்றி எழுதும் About பகுதி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கிறது. படித்து முடித்த பிறகு அவர் யாருக்கு வேலை செய்தார், அந்த வேலையால் என்ன மாறியது என்று கேட்டால் பதில் கிடைக்காது. வேலை தெரியாதவரும் இதே மூன்று வாக்கியங்களை எழுதிவிட முடியும் என்பதால், வேலை தெரிந்தவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

இதைத் திருத்துவது எப்படி என்பதை ஒரே ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நூற்பாலைகளுக்கு மின் தணிக்கை செய்யும் ஓர் ஆலோசகரை எடுத்துக்கொள்கிறேன். ஆள் கற்பனை. கீழே வரும் எண்கள் இந்தத் தொழிலில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில் நான் அமைத்தவை. அவர் தன் குறிப்பை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார். நாம் தமிழிலேயே பேசிக்கொள்வோம்.

அவருடைய பக்கத்தைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு மில் முதலாளியாகவோ, அவருடைய மகனாகவோ, மில்லின் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராகவோ இருப்பார். யாரோ பெயரைச் சொல்லியிருப்பார்கள். போன் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்திருப்பார். என் மில் மாதிரி ஒரு மில்லுக்குள் இந்த ஆள் போயிருக்கிறாரா, போனபின் அங்கே யூனிட் குறைந்ததா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கைபேசியில் பார்க்கும்போது இந்தப் பகுதியின் முதல் சில வரிகள்தான் தெரியும். மிச்சத்தைப் படிக்க ஒரு தடவை தொட வேண்டும். அந்த முதல் வரிகளில் ‘தாரக மந்திரம்’ நின்றால் அவர் தொடாமலே போய்விடுவார்.

எனவே திருத்த உட்காரும் ஆலோசகர் வாக்கியத்தில் கை வைப்பதற்கு முன் பழைய கோப்புகளை எடுக்க வேண்டும். வேலை உத்தரவு, முதல் அறிக்கை, கடைசி அறிக்கை, நடுவில் வந்த இ.பி. பில்கள், இவை எல்லாம் மேசைக்கு வர வேண்டும். எழுத்து வேலையை விட இந்தத் தேடல்தான் நேரம் பிடிக்கும். நம் ஆலோசகர் எடுத்தது திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்றின் கோப்பு. 25,000 கதிர்கள், மாதம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோ நூல்.

கோப்பைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பெரிய எண் கண்ணில் பட்டது. மில்காரர்கள் மின் செலவை யு.கே.ஜி. என்ற கணக்கில் பேசுவார்கள். ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்பது அது. வேலைக்கு முன்னால் 4.60 ஆக இருந்த யு.கே.ஜி. வேலை முடிந்த பிறகு 4.05 ஆகியிருந்தது. பன்னிரண்டு சதவீதம்! ‘பன்னிரண்டு சதவீத மின் சேமிப்பு பெற்றுத் தந்தேன்’ என்று எழுத யாருக்குத்தான் கை வராது?

அந்த எண் பொய்யில்லை, ஆனால் அவருடையதும் இல்லை. வேலைக்கு முன் அந்த மில் முழுக்க 40-ஆம் நம்பர் நூல் ஓட்டிக்கொண்டிருந்தது. பிறகு சந்தை மாறியதால் உற்பத்தியில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக 30-ஆம் நம்பருக்கு மாற்றினார்கள். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். தடித்த நூலில் அதே கதிர் அதே நேரத்தில் அதிக எடை நூற்கும் என்பதால் கிலோவுக்கான யூனிட் தானாகவே இறங்கும். அதனால்தான் விவரம் தெரிந்த மில்கள் எந்த நம்பர் ஓடினாலும் அதை 40-ஆம் நம்பருக்கு இணையாக மாற்றிப் பார்க்கின்றன. அப்படி மாற்றியபோது 4.05 என்பது 4.40 ஆனது. 4.60-இலிருந்து 4.40, அதாவது நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்.

பன்னிரண்டைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்தைப் படிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர் முதல் கேள்வியாக “கவுண்ட் கன்வெர்ட் பண்ணீங்களா சார்?” என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார். நாலு சதவீதம் சிறியதாகத் தெரியலாம். மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோ நூலில் கிலோவுக்கு 0.20 யூனிட் என்றால் மாதத்துக்கு 56,000 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால்கூட நாலரை லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். எந்த முதலாளிக்கும் அது சின்னத் தொகை கிடையாது.

இன்னும் இரண்டு இடங்களில் கணக்கு வழுக்கும். ஒன்று பருவம். நூற்பாலைக்குள் காற்றின் ஈரப்பதத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வெயிலிலும் மழையிலும் ஒரே அளவு மின்சாரம் எடுப்பதில்லை. ஏப்ரலில் அளந்ததை ஜூலையோடு ஒப்பிட்டால் வானிலையின் வேலையையும் ஆலோசகர் தன் கணக்கில் எழுதிக்கொண்டதாகும். நம் ஆள் 2024 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதத்தை 2025-இன் அதே மூன்று மாதத்தோடு வைத்துப் பார்த்தார். மற்றொன்று ரூபாய். தமிழ்நாட்டில் பல மில்களுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. அங்கே உற்பத்தியாகும் யூனிட் மில்லின் பில்லில் கழிக்கப்படும். காற்றுக் காலத்தில் பில் தொகை இறங்கும். அதற்கும் தணிக்கைக்கும் தொடர்பில்லை. கட்டண உயர்வு வந்தால் இதற்கு நேர் எதிராக, யூனிட் குறைந்தும் பில் ஏறி நிற்கும். எனவே ரூபாயை விட்டுவிட்டு மீட்டரில் ஓடிய யூனிட்டை வைத்துப் பேசுவதே பாதுகாப்பு.

எண் கிடைத்தாயிற்று. அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. 56,000 யூனிட்டில் ஏறத்தாழ 38,000 ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டின் ஃபேன்களுக்கு இன்வெர்ட்டர் டிரைவ் போட்டதால் வந்தது. 18,000 கம்ப்ரஸர் காற்றுக் கசிவை அடைத்ததால் வந்தது. டிரைவை வாங்கியது முதலாளி. கசிவைத் தேடித் தேடி அடைத்தது மில்லின் மெயின்டனன்ஸ் ஆட்கள். ஆலோசகர் செய்தது அளந்தது, எங்கே கை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று சொன்னது, வேலை முடிந்ததும் மறுபடி அளந்து உறுதி செய்தது. அது பெரிய வேலைதான். அதை அப்படியே எழுதலாம். “56,000 யூனிட் சேமித்துத் தந்தேன்” என்பதற்குப் பதிலாக “அளந்து பரிந்துரைத்தேன், மில்லின் குழு செய்து முடித்தது, முடிவில் குறைந்ததை மறுபடி அளந்து காட்டினேன்” என்று எழுதினால், அந்த மில்லின் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் படித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அவர் படிப்பார் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த மில்லிலிருந்து “இந்த ஆள் எப்படி?” என்று விசாரிக்கும் போன் அவருக்குத்தான் போகும்.

இதே எச்சரிக்கை தகுதிக்கும் பொருந்தும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்தும் தேர்வில் தேறியவர் ‘சர்டிஃபைடு’ ஆடிட்டர். அதற்கு மேல் ‘அக்ரெடிட்டட்’ ஆடிட்டர் என்று தனியாக ஒரு நிலை இருக்கிறது. சட்டப்படி கட்டாயமான தணிக்கைகளை அவர்கள்தான் செய்ய முடியும். இரண்டையும் குழப்பி எழுதுவது சிறிய பிழையாகத் தோன்றும். துறைக்காரர் கண்ணுக்கு அது மோசடியாகவே படும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் பெயரைப் போட ஆசைப்படும் ஆலோசகர்கள் முதலில் ஒப்பந்தத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ரகசியம் காக்கும் சரத்து தவிர, ‘எங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எங்கள் பெயரையோ சின்னத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். லிங்க்ட்இன் குறிப்பும் விளம்பரம்தான். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும், அல்லது வேலையே வாய்வார்த்தையில் நடந்திருந்தாலும், கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. வேறொரு பெரிய நிறுவனத்துக்குக் கீழே உபஒப்பந்தமாகப் போய்ச் செய்த வேலை என்றால் அந்த மில் உங்கள் வாடிக்கையாளர் அல்ல. அந்த நிறுவனம்தான் உங்கள் வாடிக்கையாளர். முன்பு சம்பளத்துக்கு வேலை பார்த்த இடத்தின் வாடிக்கையாளர்களைத் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு தன் பட்டியலில் சேர்ப்பதும் இதே தவறு.

மில் முதலாளிகள் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. யு.கே.ஜி. என்பது ஒரு மில்லின் உற்பத்திச் செலவைத் திறந்து காட்டும் எண். நூல் வாங்குபவரும் போட்டி மில்லும் அதைப் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைப்பார். 4.60, 4.40 என்ற எண்களை மறைத்துவிட்டு சதவீதத்தையும் 56,000 யூனிட்டையும் சேர்த்துப் போட்டாலும், வகுத்துப் பார்த்தால் மில்லின் மொத்த மின் நுகர்வு கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும். கசிவு பற்றிய எண்ணும் அப்படித்தான். மில் ஓடாத விடுமுறை நாளில் கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டு, அது எத்தனை விநாடி லோடில் ஓடுகிறது, எத்தனை விநாடி அன்லோடில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். 90 விநாடி லோடு, 210 விநாடி அன்லோடு என்றால் கம்ப்ரஸரின் திறனில் 30 சதவீதம் ஓட்டை வழியே போகிறது. தன் மில்லின் பெயருக்குப் பக்கத்தில் அந்த முப்பதைப் பார்க்க எந்த முதலாளி விரும்புவார்? ஆலோசகரின் சாதனை என்று எழுதப்படுவது, மில்லின் பழைய அலட்சியமாகவும் படிக்கப்படும்.

ஆகவே “உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?” என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த வாக்கியம் வரப்போகிறதோ அதையே அனுப்பிக் கேட்க வேண்டும். நம் ஆலோசகர் முதலாளிக்கு அனுப்பிய மின்னஞ்சல் இது:

“வணக்கம் சார். என் லிங்க்ட்இன் பக்கத்தில் நம் மில்லில் செய்த வேலையைப் பற்றிக் கீழ்க்கண்ட ஒரு வாக்கியத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். யு.கே.ஜி., யூனிட், கசிவு அளவு எதுவும் இதில் இல்லை. மில்லின் பெயரோடு போடலாமா, பெயர் இல்லாமல் போட வேண்டுமா, அல்லது வேண்டவே வேண்டாமா என்று நீங்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன். வாக்கியத்தில் மாற்றம் இருந்தாலும் திருத்தி அனுப்புங்கள். எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுகிறேன்.”

வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. மறுக்க வழி தெரியாதவர்கள் பதிலே போட மாட்டார்கள். பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடிதம் போக வேண்டியது முதலாளிக்கோ நிர்வாக இயக்குநருக்கோதான். நன்றாகப் பழகியவர் என்பதற்காக மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் வாங்கிய சம்மதம் நாளைக்கு அவரையே சங்கடத்தில் மாட்டிவிடும். போனில் “தாராளமா போடுங்க” என்று சொன்னாலும் “நீங்கள் சொன்னபடி போடுகிறேன்” என்று ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

திண்டுக்கல் மில் சம்மதித்தது என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்தில் அவர் வேலை செய்த இன்னொரு மில் பெயர் வேண்டாம் என்றது. பெயர் இல்லாமல் எழுதுவதிலும் கவனம் தேவை. ‘ராஜபாளையத்தில் 32,000 கதிர் மில்’ என்று எழுதினால் தொழிலில் இருப்பவர்கள் எந்த மில் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஊரை மாவட்டங்களாக விரித்து, கதிர் எண்ணிக்கையை ஒரு வரம்பாக்கினால்தான் பெயரை மறைத்ததற்கு அர்த்தம் உண்டு. பெயர் வராது என்பதால் அந்த மில் கசிவு எண்ணைப் போட ஒத்துக்கொண்டது. முழுதாகத் திருத்திய குறிப்பு இப்படி வந்தது:

“நூற்பாலைகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வதும், அது சரியாகும் வரை மில்லின் மெயின்டனன்ஸ் குழுவோடு கூட இருப்பதும் என் வேலை. 20,000 முதல் 40,000 கதிர் வரை உள்ள மில்களில் கம்ப்ரஸரும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டும் நான் அதிகம் பார்ப்பவை.

……… மில்ஸ், திண்டுக்கல் மாவட்டம்: என் தணிக்கையின்படி மில்லின் குழு செய்த மாற்றங்களால் ஒரு கிலோ நூலுக்கான மின்சாரம் நாலு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 40-ஆம் நம்பருக்கு மாற்றிய கணக்கு. 2024, 2025 ஜனவரி–மார்ச் மாதங்களின் ஒப்பீடு.

தென் மாவட்டங்களில் 30,000 கதிருக்கு மேல் உள்ள ஒரு மில், பெயர் வெளியிட அனுமதி இல்லை: விடுமுறை நாள் சோதனையில் கம்ப்ரஸர் காற்றுக் கசிவு 26 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது 13.

சர்டிஃபைடு எனர்ஜி ஆடிட்டர். இயந்திரங்களோ டிரைவ்களோ விற்பதில்லை. யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. முதல் நாள் மில்லைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.”

இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 13. கசிவை ஒரு தடவை அடைத்தால் போதாது. குழாய் இணைப்புகள் தளரும், மறுபடி ஒழுகும். பத்தோடு நிறுத்தியிருந்தால் எண் அழகாக இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய் அளந்த ஆள் இவர் என்பதைப் பதின்மூன்றுதான் சொல்கிறது. கமிஷன் வாங்குவதில்லை என்ற வரியும் சும்மா வந்ததில்லை. டிரைவ் வாங்கச் சொல்லும் ஆலோசகர் டிரைவ் கம்பெனியின் ஆளோ என்ற சந்தேகம் முதலாளிகளுக்கு எப்போதும் உண்டு. உண்மையில் வாங்காதவர்கள்தான் அந்த வரியை எழுத வேண்டும்.

வாடிக்கையாளர் இருபது பேர் இருந்தாலும் இங்கே இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கிய பெயர்களில் எதுவும் மனதில் நிற்காது. About பகுதிக்கு லிங்க்ட்இன் வைத்திருக்கும் வரம்பு 2,600 எழுத்துகள். மேலே உள்ளது அதற்கு வெகுவாக உள்ளேதான் அடங்கும். தமிழில் எழுதுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினிக்கு ‘கு’ என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எழுத்து. நாம் எண்ணுவதை விட வேகமாக வரம்பு தீர்ந்துவிடும்.

மற்ற வேலைகளின் விவரத்தை Experience பகுதியில் எழுதலாம். அங்கே பலர் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனத்தையும் தாங்கள் வேலை பார்த்த இடமாகவே சேர்த்துவிடுகிறார்கள். அந்த நிறுவனத்துக்கு லிங்க்ட்இன்னில் பக்கம் இருந்தால் அதன் ஊழியர்களில் ஒருவராக இவர் பெயரும் காட்டப்படும். மில்லின் மனிதவள அதிகாரி “இவர் யார், நம்ம ஸ்டாஃபா?” என்று கேட்கும் நிலை வரும். தன் சொந்தத் தொழிலின் பெயரை நிறுவனமாகவும், வேலை வகையை Self-employed அல்லது Freelance என்றும் போட்டு, செய்த வேலைகளை அதற்குக் கீழே விளக்குவதுதான் சரி.

பெயர் போட அனுமதித்த முதலாளியிடம் Recommendations பகுதியில் இரண்டு வரி எழுதித் தரவும் கேட்கலாம். அது அவருடைய கணக்கிலிருந்து அவருடைய பெயரில் வருவதால் அனுமதிக்கும் அத்தாட்சிக்கும் தனிக் கேள்வி எழாது. நாமே எழுதிக் கொடுத்துப் போடச் சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். எல்லாப் பரிந்துரையும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் பழைய குறிப்பை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, புதியதையும் அங்கேயே எழுதி முடித்துவிட்டு ஒட்ட வேண்டும். அதே கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அனுமதி மின்னஞ்சல் எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைப்பது நல்லது. மில் கைமாறலாம். புது நிர்வாகம் பெயரை எடுக்கச் சொல்லலாம். அப்போது திண்டுக்கல் மில்லின் பெயர் இருந்த இடத்தில் ‘ஒரு மில்’ என்று மாற்ற ஐந்து நிமிடம் போதும். கணக்கும் காலமும் வாக்கியத்துக்குள்ளேயே இருப்பதால், பெயர் போன பிறகும் அந்த வரியைத் தைரியமாக வைத்திருக்கலாம்.